"விலை?" என்று ஒரே வார்த்தையில் கேட்டால் எவ்வளவு எழுதுவது?

வைகைக்கரை — 3 ஜூன், இரவு 10:05

மதுரையில் வீட்டில் இருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறேன். ஆறு வருஷமாக வாட்ஸ்அப்தான் என் கடை. புதிதாக வருகிறவர்களின் முதல் செய்தி பெரும்பாலும் ஒரு வார்த்தைதான். "விலை?" அல்லது "ஹாய்". சிலர் எங்கிருந்தோ வந்த படத்தை எனக்குத் தள்ளிவிட்டு, அடியில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவார்கள்.

இன்று ராத்திரி 9:12க்கு ஓர் அம்மா பச்சைச் சேலைப் படம் அனுப்பி "விலை?" என்றார். நான் அனுப்பியது இது:

"வணக்கம், எங்கள் சேலைகளில் ஆர்வம் காட்டியதற்கு மிக்க நன்றி. இது அசல் மதுரைச் சுங்குடி, 100% பருத்தி, சாயம் போகாது. விலை 650 ரூபாய். கூரியர் 60. முன்பணம் மட்டும், பொருள் கையில் வாங்கிப் பணம் தரும் வசதி இல்லை. திரும்பப் பெற மாட்டோம். பார்சல் பிரிக்கும்போது வீடியோ கட்டாயம் எடுக்க வேண்டும். கீழே வங்கி விவரம். மற்ற நிறங்களுக்கு இந்த 14 படங்களைப் பாருங்கள்."

பிறகு 14 படங்கள். 9:14க்கு நீல டிக். அதன்பின் ஒன்றுமில்லை. வாரத்தில் பாதி நாள் இதே கதைதான். சுருக்கமாக எழுதினால் மரியாதை இல்லை என்று நினைப்பார்களோ என்று பயம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஒத்தைவரி — 3 ஜூன், இரவு 10:31

அவர் ஒரு வார்த்தை கேட்டார். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "650". ஹார்டுவேர் கடையில் ஆணி விலை கேட்டால் இரும்பின் வரலாறா சொல்கிறார்கள்?

வைகைக்கரை — 3 ஜூன், இரவு 10:40

ஆணி எல்லாம் ஒரே ஆணி. சேலை அப்படியா? சரி, நாளைக்கு முயன்று பார்க்கிறேன்.

வைகைக்கரை — 4 ஜூன், இரவு 9:50

முயன்று பார்த்தாயிற்று. காலையில் ஒருவர் படம் போட்டு "எவ்ளோ" என்றார். "2400" என்று மட்டும் போட்டேன். "ஆத்தி" என்று ஒரு பதில். போயே போய்விட்டார்.

அது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலை. ஒவ்வொரு புள்ளியும் நூலால் இறுக்கிக் கட்டியது. அச்சுப் போட்டு வருகிற சுங்குடியும் படத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரியும். கையில் எடுத்தால்தான் துணி லேசாகச் சுருங்கி நிற்பதும், ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இல்லாததும் தெரியும். அவர் அச்சுச் சேலை விலையை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார். நான் மொட்டையாக 2400 என்றால் கொள்ளைக்காரி என்றுதான் நினைப்பார்.

ஒத்தைவரி, உங்கள் யோசனைக்கு ஒரு சேலை நஷ்டம்.

ஒத்தைவரி — 4 ஜூன், இரவு 10:02

வாங்காதவர் எப்படிச் சொன்னாலும் வாங்க மாட்டார்.

ஹெட்போன் — 4 ஜூன், இரவு 11:20

எட்டு வருஷம் ஒரு கம்பெனியில் சாட் மூலம் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தேன். இரண்டு பேரும் நீளத்தையே அளந்து கொண்டிருக்கிறீர்கள். பதில் வந்த பிறகு அந்த அம்மாவுக்கு எவ்வளவு வேலை மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

உங்கள் முதல் பதிலில் விலை எங்கே இருக்கிறது? மூன்றாவது வாக்கியத்தில். போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். அங்கே "ஆர்வம் காட்டியதற்கு மிக்க நன்றி" என்று இருக்கிறது. அவர் திறந்து, தேடி, 650ஐக் கண்டுபிடித்து, 60ஐக் கூட்டி, 14 படத்தையும் தள்ளிப் பார்த்து, அதற்கப்புறம் உங்களிடம் என்ன சொல்வது என்று அவரே யோசிக்க வேண்டும். கேள்வி கேட்டவர் அவர், வேலையும் அவருக்கேவா?

"650" என்று மட்டும் சொன்னாலும் அதே கோளாறுதான். அடுத்து என்ன கேட்பது என்ற பொறுப்பு அவர் தலையில் விழுகிறது.

நாங்கள் செய்தது இதுதான். முதல் வரியில் கேட்டதற்குப் பதில். இரண்டாவது வரியில் அந்தப் பதில் தப்பாகப் புரியாமல் இருக்க ஒரே ஒரு விவரம். மூன்றாவதாக, அவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. விதிமுறை, வங்கி விவரம் எல்லாம் அவர் வாங்குகிறேன் என்ற பிறகு.

இன்னொன்று. தானாகப் போகிற வரவேற்புச் செய்தி ஏதாவது போட்டு வைத்திருக்கிறீர்களா?

வைகைக்கரை — 5 ஜூன், காலை 6:45

ஐயோ. ஆமாம். வாட்ஸ்அப் பிசினஸ் போட்ட புதிதில் என் தம்பி வைத்துக் கொடுத்தது. எட்டு வரி. கடை நேரம், ஞாயிறு விடுமுறை, "தங்கள் வருகைக்கு நன்றி" எல்லாம் இருக்கிறது. எனக்கு மறந்தே போய்விட்டது.

அப்படியானால் அந்த அம்மா "விலை?" என்றதும் முதலில் அந்த எட்டு வரி, பிறகு என்னுடையது, பிறகு 14 படம். பாவம்.

ஹெட்போன் — 5 ஜூன், காலை 8:10

அதேதான். அது முதல் தடவை எழுதுகிறவர்களுக்கு மட்டுமல்ல, 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுகிறவர்களுக்கும் போகும்.

வைகைக்கரை — 5 ஜூன், காலை 8:25

இப்போதுதான் ஒரு விஷயம் புரிகிறது! எங்கள் பழைய வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற டீச்சர், மாசம் ஒன்று வாங்குவார். போன மாதம் "புதுசு இருக்கா" என்று கேட்டுவிட்டு, நான் பதில் போடுவதற்குள் "என்னமோ புதுசா வரவேற்கிறே, என்னைத் தெரியலையா?" என்று எழுதியிருந்தார். அவர் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரிப்புப் பொம்மை போட்டேன். நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கிறார். இன்று போன் பண்ணிப் பேச வேண்டும்.

வரவேற்பை எடுத்துவிட்டேன்.

சம்பந்தி வீடு — 5 ஜூன், பகல் 1:15

நல்ல கேள்வி. எனக்கும் இதே பிரச்சினை. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். பையனின் அப்பாவுக்கு நாள், மண்டபம், சாப்பாடு என்று ஒரு பக்கம் எழுதினேன். "ஓகே" என்று பதில். கோபமா, சம்மதமா என்று தெரியாமல் வீட்டில் இரண்டு நாளாக ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். நானும் "ஓகே" என்று போடலாமா?

ஒத்தைவரி — 5 ஜூன், பகல் 1:22

ஓகே.

வைகைக்கரை — 5 ஜூன், பகல் 2:00

ஐயா, உங்களுடையது தலைகீழ்க் கேஸ். நீங்கள் நீளமாக எழுதினீர்கள், அவர் சுருக்கினார். போன் போட்டுப் பேசுங்கள், எழுத்தே வேண்டாம். கல்யாணச் சேலை வேண்டுமானால் சொல்லுங்கள். (விளம்பரம் கூடாது என்பார்கள், விளையாட்டுக்குச் சொன்னேன்.)

தந்திக்காரர் — 5 ஜூன், மாலை 5:40

நான் தபால் தந்தி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாக எழுதினால் மரியாதைக் குறைவு என்ற பயம் எங்கள் காலத்தில் கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை காசு. "அம்மா சீரியஸ் உடனே வா" என்று வந்தால், மகனை அன்பில்லாமல் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று யாரும் நினைத்ததில்லை. 2013 ஜூலையில் தந்தியை மூடும்வரை இப்படித்தான்.

'ரிப்ளை பெய்ட்' என்று ஒன்று இருந்தது. அனுப்புகிறவரே பதிலுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுவார். வாங்கியவர் அந்தத் தொகைக்குள் பதில் எழுதலாம். பதில் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று கேட்டவரே சொல்லிவிட்டார் பாருங்கள். அந்தப் பச்சைச் சேலை அம்மா "விலை?" என்று அனுப்பியதும் ஒரு விதத்தில் அதுதான். இவ்வளவுக்குத்தான் எனக்கு நேரம் இருக்கிறது என்கிறார்.

ஹெட்போன் — 5 ஜூன், இரவு 9:30

அருமை ஐயா. ஒரே ஒரு வித்தியாசம். தந்தியில் எல்லாருக்கும் காசு ஒன்றுதான், அதனால் எல்லாரும் சுருக்கினார்கள். இப்போது சுருக்குவதற்கு ஆளுக்கொரு காரணம். பஸ்ஸில் நின்று கொண்டு ஒரு கையால் தட்டுகிறவர் இருப்பார், தமிழ் கீபோர்டு வராதவர் இருப்பார், பத்துக் கடைக்கு ஒரே கேள்வியை அனுப்பியவரும் இருப்பார். கோபத்தில் இருப்பவரும் உண்டு. ஒரு வார்த்தையை வைத்து எது என்று சொல்ல முடியாது.

வைகைக்கரை — 7 ஜூன், இரவு 10:15

இரண்டு நாள் கணக்கு சொல்கிறேன். ஹெட்போன் சொன்ன மாதிரி எழுதினேன். ஒருவர் படம் அனுப்பி "ரேட் சிஸ்" என்றார். என் பதில்:

"650ங்க, கூரியரோடு 710. இது அச்சுச் சுங்குடி, ரவிக்கைத் துணி சேர்ந்தே வரும். உங்களுக்கு 5½ மீட்டரா, 9 கஜமா?"

உடனே "5.5" என்று வந்தது. "பச்சையா, மெரூனா?" என்றேன். "மெரூன்". "ஊர்?" "சேலம்". அப்புறம்தான் வங்கி விவரமும், பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்வதும். காலே கால் மணி நேரத்தில் முடிந்தது. அவர் கடைசிவரை ஒரு வார்த்தைக்கு மேல் எழுதவே இல்லை, எனக்கு அது உறுத்தவும் இல்லை.

கைமுடிச்சுச் சேலைக்கு: "2400ங்க. இது கையால் முடிச்சுப் போட்டது. இதே மாதிரி அச்சில் 650க்கு இருக்கு. எதைப் பார்த்துக் கேட்டீங்க?" இதற்கு "அச்சு" என்று பதில் வந்தது. 2400 விற்கவில்லை, ஆனால் "ஆத்தி" வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் குழப்பம். "சிஸ்" என்றால் நானும் சிஸ் என்று கூப்பிட வேண்டுமா?

ஒத்தைவரி — 7 ஜூன், இரவு 10:20

வேண்டாம். "ங்க" போதும். இதில் நான் சொல்வது சரி.

வைகைக்கரை — 7 ஜூன், இரவு 10:34

இதில் சரிதான். போன வருஷம் என் தங்கை என் போனை எடுத்து எல்லாருக்கும் "சொல்லுங்க டியர்" என்று பதில் போட்டுக் கொண்டிருந்தாள். அதில் ஒருவர் மனைவிக்குச் சேலை கேட்ட எழுபது வயதுப் பெரியவர். அவர் "வணக்கம். நான் ஆண்." என்று எழுதியிருந்தார். இன்னும் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். பெயரையும் வயதையும் காட்டாத ஒரு வார்த்தைக்கு "அக்கா", "அம்மா" என்று உறவு வைத்தால் இந்தக் கதிதான்.

பினாங்குப் பிள்ளை — 8 ஜூன், காலை 7:05

நான் மலேசியாவில் பிறந்தவள். தமிழ் பேசுவேன், வாசிக்கத் திணறுவேன். இதைக்கூட அக்கா மகள் தட்டித் தருகிறாள். நான் `saree iruka` என்று ஆங்கில எழுத்தில் கேட்டால் மதுரைக் கடைகளில் இருந்து தமிழ் எழுத்தில் ஆறு வரி வருகிறது. யாரிடமாவது காட்டி வாசிக்கச் சொல்ல வேண்டும். நான் எந்த எழுத்தில் கேட்டேனோ அதில் பதில் வந்தால் நல்லது.

தந்திக்காரர் — 8 ஜூன், காலை 7:50

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. நாம் தமிழில் எழுதினால்தான் அவர்களும் எழுதுவார்கள்.

ஹெட்போன் — 8 ஜூன், காலை 9:00

இந்தப் பழக்கத்துக்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பழைய எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்தென்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் யூனிகோடில் 70தான். பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது கைவந்தது இன்னும் போகவில்லை.

வைகைக்கரை — 8 ஜூன், காலை 9:20

எனக்கு இதில் முடிவு தெரியவில்லை. ஐயா சொல்வது மனதுக்குப் பிடிக்கிறது, பிள்ளை சொல்வது கடைக்குப் பிடிக்கிறது. இப்போதைக்கு எண்ணை மட்டும் முதலில் போடுகிறேன். 650ஐ எல்லாரும் வாசிப்பார்கள்.

ஐடி நண்பன் — 8 ஜூன், மாலை 6:30

வெறும் "ஹாய்" அனுப்புகிறவர்களுக்குப் பதிலே போடாதீர்கள். அதைக் கண்டிக்கவே nohello.net என்று ஒரு தளம் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் யாராவது ஹாய் என்று நிறுத்தினால் அந்த முகவரியைத்தான் அனுப்புவோம்.

வைகைக்கரை — 8 ஜூன், மாலை 6:52

உங்கள் சக ஊழியர் நாளைக்கும் அதே நாற்காலியில் இருப்பார். என் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். கடை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவர் மாதிரிதான் "ஹாய்". உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார். முன்பு நானும் "ஹாய்" என்று போடுவேன். "சேலை இருக்கா" "இருக்கு" "காட்டுங்க" "என்ன மாதிரி" என்று பொழுது சாயும். இப்போது "வணக்கம்ங்க. கட்டிக்கவா, யாருக்காவது கொடுக்கவா?" என்று கேட்கிறேன். கொடுப்பதற்கு என்றால் அச்சு, பெட்டியோடு. கட்டிக்க என்றால் நீளம் கேட்பேன். அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிகிறது.

ஆனால் பல பேர் "ஹாய்"க்குப் பிறகு எதுவுமே எழுதுவதில்லை. தெரியாமல் கைபட்டதோ என்னமோ.

வைகைக்கரை — 11 ஜூன், இரவு 11:48

தூக்கம் வரவில்லை. நேற்று ஒரு தப்பு செய்தேன்.

மத்தியானம் 12:20க்கு ஒரு எண்ணில் இருந்து "வரல" என்று வந்தது. ஒரே வார்த்தை. இந்த ஒரு வாரமாகச் சுருக்கப் பழகிய கை, நானும் "பார்க்கிறேன்ங்க" என்று போட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன். நாலு மணிக்குப் பழைய பேச்சை மேலே தள்ளிப் பார்த்தால், ஒன்பது நாள் முன்பு அவர் ஆறு சேலை வாங்கியிருக்கிறார். அண்ணிக்கு 12ஆம் தேதி வளைகாப்பு என்று அப்போதே எழுதியிருக்கிறார். மூன்று நாள் முன்பு "அனுப்பிட்டீங்களா அக்கா, எப்ப வரும்?" என்று முழுதாகவும் கேட்டிருக்கிறார். அன்றைக்கு "வந்துடும்" என்றிருக்கிறேன். அதற்கப்புறம்தான் இந்த "வரல".

அது சுருக்கமான செய்தியே இல்லை. மூன்று செய்தியின் மிச்சம். நான் அதைப் புது ஆளின் "விலை?" மாதிரி எடுத்துக்கொண்டேன்.

உடனே கூரியர் ஆபீஸுக்கு ஓடினேன். பின்கோடில் ஒரு எண் மாறி வேறு ஊருக்குப் போயிருக்கிறது. அதை அவர்கள் நாலு நாளாக யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த ஆறு சேலையை எடுத்து இரவு பஸ்ஸில் பார்சல் போட்டேன். அப்புறம் எழுதினேன்: "தப்பு எங்க பக்கம், மன்னிச்சுக்கங்க. பின்கோடு மாறிப் போயிடுச்சு. வேற ஆறு சேலை இப்ப 8:40 பஸ்ஸில் ஏத்திட்டேன், காலைல 5:30க்கு உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு. கண்டக்டர் நம்பர் கீழே. நிறம் ரெண்டு மாறும், படம் அனுப்பறேன். பழைய பார்சல் வந்தா வாங்க வேண்டாம், திருப்பி விட்டுடுங்க."

ஒரு வார்த்தைக்கு ஆறு வாக்கியம். இன்று காலையில் "வந்துருச்சு" என்று வந்தது. அக்கா என்று போடவில்லை.

ஹெட்போன் — 12 ஜூன், காலை 7:30

எங்கள் வேலையில் முதலில் பழக்குவதே இதைத்தான், நான்தான் சொல்ல மறந்துவிட்டேன். பதில் எழுதும் முன் மேலே தள்ளிப் பார். பழைய பேச்சு இருந்தால், முன்பு எவ்வளவு நீளமாக எழுதியவர் இப்போது இவ்வளவு குறைத்திருக்கிறார் என்று பார். பேச்சு குறைந்துகொண்டே வந்தால் ஆள் சலித்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்கு என்ன ஆச்சு, என்ன செய்திருக்கிறோம், எத்தனை மணிக்கு என்று மூன்றும் போய்ச் சேர வேண்டும். நீங்கள் கடைசியில் எழுதியது அதுதான்.

"பார்க்கிறேன்" என்பதிலும் தப்பில்லை. "நாலு மணிக்குள் சொல்கிறேன்" என்று ஒரு நேரம் சேர்த்திருக்கலாம்.

வைகைக்கரை — 12 ஜூன், காலை 7:55

வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் ஒட்டலாம் அல்லவா? இனி தேதி சொல்லி வாங்குகிறவர்களுக்கு "விசேஷம்" என்று ஒன்று ஒட்டி வைக்கிறேன். பெயர்ப் பட்டியலிலேயே தெரியும், மேலே தள்ளிப் பார்க்க மறந்தாலும்.

சம்பந்தி வீடு — 12 ஜூன், காலை 10:10

போன் போட்டுப் பேசினேன். அவருக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதாம், நான் எழுதியதைப் படிக்கவே இல்லையாம். பேரன் "ஓகே" அழுத்தியிருக்கிறான்.

ஒத்தைவரி — 12 ஜூன், காலை 10:12

:)

வைகைக்கரை — 19 ஜூன், இரவு 9:20

முதல் நாள் பச்சைச் சேலை அம்மா இருக்கிறாரே, இன்று வந்தார். அதே படத்தை மறுபடி அனுப்பி, அடியில் வெறும் "?".

14 நாளுக்கு மேல் ஆயிற்று. வரவேற்பு இருந்திருந்தால் மறுபடி எட்டு வரி போயிருக்கும். மேலே தள்ளிப் பார்த்தேன். என் பழைய பதிலையும் 14 படத்தையும் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. இப்படி எழுதினேன்: "அந்தப் பச்சை போயிடுச்சுங்க. அதே கரை மெரூனில் இருக்கு, கூரியரோடு 710. எடுத்து வைக்கவா?"

"9 கஜம்?" என்று வந்தது. அதைத்தான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மடிசார் கட்டுகிறவர், 14 படத்தில் ஒன்றுகூட 9 கஜம் இல்லை. ரெண்டு இருக்கிறது, படம் எடுக்க மொட்டை மாடிக்குப் போக வேண்டும். ராத்திரி வெளிச்சத்தில் மெரூன் கறுப்பாக விழும், காலையில் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ம்" என்கிறார்.